ஆறு மாதம் இந்தியாவில். எங்களுக்கு எத்தனை வருடம்?

 

கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள். வாசித்த பிறகு கோபம் வந்தால் கொமெண்டில் வந்து பேசுங்கள், பதில் சொல்வோம்.

இந்தியாவில் ஒரு சினிமாத் தம்பதி பிரிந்தால் போதும், அடுத்த நாளே எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குறிப்பு சுற்ற ஆரம்பித்துவிடும். "இருவரும் சம்மதித்தால் ஆறு மாதத்தில் விவாகரத்து. இப்போது அந்த ஆறு மாதமும் தேவையில்லை, நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது." யாழ்ப்பாணத்தில் இருக்கிறவர்கள் அதை யாழ்ப்பாணத்துக்கும் பொருந்தும் என்று நினைத்து அனுப்புகிறார்கள். ஆசிரியர் குழுக்களிலும் வருகிறது. படித்தவர்கள்தான் அனுப்புகிறார்கள்.

எங்களோடு ஆசிரிய கலாசாலையில் படித்த ஒரு தமிழ் ரீச்சர் அதை நம்பினார். அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறோம். ஆளை அடையாளம் காட்டும் விஷயங்களை விட்டுவிட்டோம். கணவர் வெளிநாட்டில். பிரிந்து பல வருடம். அடிதடி இல்லை, மூன்றாவது ஆள் இல்லை. இரண்டு பேருக்கும் சரிவரவில்லை, அவ்வளவுதான். பிள்ளையோடு அவர் கிழமைக்கு இரண்டு தரம் வீடியோவில் கதைக்கிறார், செலவுக்குக் காசு அனுப்புகிறார். இரண்டு பேரும் பேசி, மரியாதையாகப் பிரிவோம் என்று முடிவெடுத்தார்கள். ரீச்சர் அந்தக் குறிப்பைக் காட்டி எங்களிடம் கேட்டது இதுதான்: "இந்தியாவில ஆறு மாசமாம். இஞ்சயும் ரெண்டு பேரும் சேந்து ஒரு மனுப் போட்டால் சரிதானே?"

சரியில்லை. இலங்கையின் பொதுச் சட்டத்தின் கீழ் பதிவுசெய்த திருமணத்துக்கு அப்படி ஒரு மனுவே கிடையாது. ஆறு மாதமும் கிடையாது, அதைத் தள்ளுபடி செய்வதும் கிடையாது. இதை அவரிடம் சொன்ன சட்டத்தரணி நேர்மையானவர். அடுத்து அவர் சொன்னதுதான் ரீச்சரை அழவைத்தது. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் அந்த இந்தியச் சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். குறிப்பு அனுப்புகிறவர்களும் அதை வாசிக்கவில்லை. "ஐயோ, குடும்பங்கள் உடைந்துபோகும்" என்று கத்துகிறவர்களும் வாசிக்கவில்லை.

இந்து திருமணச் சட்டத்தில் 1976ஆம் ஆண்டு 13பி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி கணவனும் மனைவியும் சேர்ந்தே மனுப் போட வேண்டும். ஒருவர் வாதி, மற்றவர் பிரதிவாதி என்ற கதை அங்கே இல்லை. மூன்று விஷயங்களை அவர்கள் சொல்ல வேண்டும்: குறைந்தது ஒரு வருடமாகப் பிரிந்து வாழ்கிறோம், சேர்ந்து வாழ முடியவில்லை, திருமணத்தைக் கலைக்க இருவரும் ஒத்துக்கொண்டோம். பிரிந்து வாழ்வது என்றால் வேறு வேறு வீட்டில் இருப்பது என்று அர்த்தமில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தும் கணவன் மனைவியாக வாழாவிட்டால் அதுவும் பிரிவுதான் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1991இலேயே சொல்லிவிட்டது.

இது முதல் மனு. இதோடு விவாகரத்துக் கிடைக்காது. மனுப் போட்ட நாளிலிருந்து ஆறு மாதம் முடிந்த பிறகு, பதினெட்டு மாதம் முடிவதற்குள், இருவரும் மறுபடி சேர்ந்து வந்து "இப்போதும் அதே முடிவில்தான் இருக்கிறோம்" என்று சொல்ல வேண்டும். இது இரண்டாவது கூட்டு விண்ணப்பம். நீதிபதி இருவரையும் விசாரித்து, சம்மதம் உண்மையானதுதான் என்று திருப்தி அடைந்த பிறகுதான் தீர்ப்பு.

இந்த இடைவெளியில்தான் சட்டத்தின் உயிர் இருக்கிறது. தீர்ப்பு வரும்வரை இருவரில் யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. ஒருவர் பின்வாங்கினால், அல்லது இரண்டாவது முறை வராமலே விட்டால், மற்றவர் மட்டும் நின்று இந்த வழியில் விவாகரத்து எடுக்க முடியாது. அதையும் அதே 1991 தீர்ப்புத்தான் உறுதிசெய்தது. முதல் மனுவில் மிரட்டிக் கையெழுத்து வாங்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு, அந்த ஆறு மாதம் வாயைத் திறப்பதற்குக் கிடைக்கும் நேரம். அதேபோல "சீதன நகையைத் திருப்பித் தருவேன், பிள்ளையின் செலவைக் கட்டுவேன்" என்று எழுதிக்கொடுத்தவர் அதைச் செய்கிறாரா என்று பார்ப்பதற்கும் அது நேரம். பணத்தில் ஒரு பகுதியை முதல் மனுவின்போதும் மீதியை இரண்டாவது தடவையின்போதும் கொடுப்பதாக அங்கே பலர் ஒப்பந்தம் எழுதுவது இதனால்தான். மீதி வராவிட்டால் இரண்டாவது கையெழுத்தும் வராது.

சரி, அந்த ஆறு மாதத்தை எப்போது தள்ளுபடி செய்யலாம்? குறிப்பு அனுப்புகிறவர்கள் முழுப் பிழையாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம் இது.

2017 செப்டெம்பர் 12ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் அமர்தீப் சிங் எதிர் ஹர்வீன் கவுர் என்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தம்பதி 2008ஆம் ஆண்டிலிருந்து பிரிந்து இருந்தார்கள். 2017 ஏப்ரலில் எல்லா விஷயத்திலும் உடன்பாட்டுக்கு வந்தார்கள். மனைவிக்கு இரண்டே முக்கால் கோடி ரூபாய், பிள்ளைகள் தகப்பனோடு. மே மாதம் டில்லியில் முதல் மனு. ஒன்பது வருடம் பிரிந்து இருந்துவிட்டோம், இன்னும் ஆறு மாதம் எதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

நீதிமன்றம் சொன்ன பதில்: அந்த ஆறு மாதம் மீறவே முடியாத கட்டளை இல்லை, வழிகாட்டல். நான்கு விஷயங்கள் பொருந்தினால் விசாரிக்கும் நீதிமன்றமே அதைத் தள்ளுபடி செய்யலாம். ஒன்று, முதல் மனுவுக்குத் தேவையான ஒரு வருடமும் அதோடு இந்த ஆறு மாதமும் முதல் மனுப் போடுவதற்கு முன்பே கழிந்திருக்க வேண்டும். இரண்டு, சேர்த்துவைக்கும் முயற்சிகள் எல்லாம் தோற்றிருக்க வேண்டும், இனிமேலும் சேரும் வாய்ப்பு இருக்கக் கூடாது. மூன்று, பராமரிப்புப் பணம், பிள்ளையின் பொறுப்பு, மற்றப் பிணக்குகள் எல்லாம் உண்மையாகவே தீர்ந்திருக்க வேண்டும். நான்கு, இன்னும் காத்திருப்பது வேதனையை நீட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்யாது என்று தெரிய வேண்டும். முதல் மனுவுக்கு ஒரு கிழமை கழித்து, காரணங்களோடு இதற்கு விண்ணப்பிக்கலாம். தூரத்தில் இருக்கிறவர்களுக்கு வீடியோ வழியான விசாரணையை நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

முதலாவது நிபந்தனையைத் திரும்ப வாசியுங்கள். நாங்கள் வகுப்பில் கணக்குச் செய்துகாட்டுகிற மாதிரி செய்துகாட்டுகிறோம்.

ஒரு தம்பதி 2024 மார்ச் 1ஆம் திகதி பிரிந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் முடிந்ததும், 2025 மார்ச் 10இல் முதல் மனுப் போடுகிறார்கள். இரண்டாவது தடவை அவர்கள் வரக்கூடிய ஆக முந்திய நாள் 2025 செப்டெம்பர் 10. கடைசி எல்லை 2026 செப்டெம்பர் 10. அதையும் தவறவிட்டால் புதிதாகத் தொடங்க வேண்டி வரும். இவர்கள் தள்ளுபடி கேட்டால் முதலாவது நிபந்தனையிலேயே சிக்கிக்கொள்வார்கள், ஏனென்றால் மனுப் போட்ட அன்று பிரிந்து பன்னிரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

இப்போது அதே நாளில் பிரிந்த இன்னொரு தம்பதி. இவர்கள் அவசரப்படவில்லை. பேசிப் பார்த்தார்கள், பெரியவர்களை வைத்துப் பார்த்தார்கள், சரிவரவில்லை. 2025 செப்டெம்பர் 1இல் முதல் மனு. பிரிந்து பதினெட்டு மாதம். ஒரு கிழமை கழித்து, செப்டெம்பர் 8இல் தள்ளுபடிக்கு விண்ணப்பிக்கலாம்.

இரண்டு சோடிகளும் எங்கே வந்து நிற்கிறார்கள்? கிட்டத்தட்ட ஒரே கிழமையில். பிரிந்து பதினெட்டு மாதம் கழித்து. ஆகவே இந்தத் தள்ளுபடி கடையில் போடும் கழிவு மாதிரி இல்லை. நீங்கள் ஏற்கெனவே காத்திருந்த காலத்தை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். "ஆறு மாதம் தேவையில்லை" என்று ஒரு வரியில் எழுதி அனுப்புகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

பிறகு 2021 டிசம்பரில் இன்னொரு வழக்கு வந்தது. கல்யாணம் முடிந்து மூன்றே நாளில் பிரிந்துவிட்ட தம்பதி. பதினெட்டு மாதம் ஆகவில்லை என்று கீழ் நீதிமன்றம் மறுத்திருந்தது. அந்த நான்கு விஷயங்களும் உதாரணங்கள்தான், பூட்டுகள் இல்லை, ஒவ்வொரு வழக்கின் நிலைமையையும் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் அதற்காக அவர்கள் டில்லி வரை போகவேண்டி இருந்தது. சாதாரண மனிதருக்கு முதலில் நான் சொன்ன கணக்குத்தான் கணக்கு.

இந்தச் சட்டம் எல்லா இந்தியருக்கும் பொதுவானதும் இல்லை. இந்து, பௌத்த, சமண, சீக்கியர்களுக்கு இது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவுசெய்தவர்களுக்கு இதேபோன்ற பிரிவு தனியாக இருக்கிறது. அங்குள்ள முஸ்லிம்களுக்கு இது இல்லை. யாழ்ப்பாணத்தில் விவாகப் பதிவாளர் முன்னால் கையெழுத்து வைத்துவிட்டு, "சென்னையில் ஒரு வாடகை வீடு எடுத்து அங்கே போட்டால் வேலை முடியும்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். அது இந்தியாவை நிரந்தர வதிவிடமாகக் கொண்டவர்களை மனதில் வைத்து எழுதிய சட்டம்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம்.

எங்கள் நாட்டின் பொதுச் சட்டம் 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். அதில் விவாகரத்துக்கு மூன்றே காரணம். திருமணத்துக்குப் பிறகு பிறருடன் உறவு, கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், திருமண நேரத்திலேயே இருந்த, குணப்படுத்த முடியாத ஆண்மையின்மை. மூன்றும் ஒருவர் மற்றவர் மேல் சாட்டும் குறை. இரண்டு பேரும் சேர்ந்து சொல்லக்கூடிய காரணம் ஒன்றும் இல்லை.

தேசவழமை எங்களுக்குத் தனிச் சட்டம் ஆயிற்றே என்று சிலர் கேட்பார்கள். தேசவழமை சொத்தைப் பற்றியது. கல்யாணத்தைக் கலைப்பதற்கு யாழ்ப்பாணத் தமிழரும் இந்த 1907 சட்டத்துக்குத்தான் போக வேண்டும்.

ஏழு வருடம் பிரிந்து இருந்தால் போதுமாமே என்று இன்னும் சிலர் கேட்பார்கள். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் அப்படி ஒரு பிரிவு இருக்கிறது. அது தனிக் காரணம் என்று ஒருகாலத்தில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் சொன்னது. ஆனால் 1986இல் தென்னக்கோன் வழக்கில் எங்கள் உயர் நீதிமன்றம் அதை மூடிவிட்டது. ஏழு வருடம் என்பது வழக்கு நடத்தும் முறைதான். யாரோ ஒருவரின் குற்றத்தை நிரூபிக்கத்தான் வேண்டும் என்றது. ஏழு வருடம் என்றால், அந்த இந்தியத் தம்பதியின் பதினெட்டு மாதத்தைவிட நான்கு மடங்குக்கு மேல். அவ்வளவு காலம் காத்திருந்தாலும் எங்களுக்குக் கதவு திறக்காது.

இப்போது ரீச்சரிடம் சட்டத்தரணி என்ன சொன்னார் என்று கேளுங்கள். "அவர் கெட்ட எண்ணத்தோட உங்களை விட்டிட்டுப் போட்டார் எண்டு வழக்குப் போடுவம். அவர் வராமல் இருக்கட்டும். ஒருதலை விசாரணையில முடிக்கலாம். ஆனா ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுத்தனீங்கள் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ." ஏன் சொல்லக் கூடாது? இரண்டு தரப்பும் கூடிப்பேசி வழக்கைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நீதிமன்றம் கண்டால், அதற்காகவே வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்பது எங்கள் சட்டம்.

இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். கடலுக்கு அந்தப் பக்கம், சம்மதம் இருக்கிறது என்று நீதிபதிக்கு நிரூபித்தால்தான் விவாகரத்து. இந்தப் பக்கம், சம்மதம் இருக்கிறது என்று நீதிபதிக்குத் தெரிந்தால் விவாகரத்து இல்லை. அங்கே உண்மை பேசினால் முடிகிற விஷயம், இங்கே சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னால்தான் முடிகிறது.

ரீச்சர் மறுத்துவிட்டார். "அவர் என்னைக் கைவிடேல்ல. பிள்ளைக்குக் காசு அனுப்புற மனுசன். நாளைக்கு என்ர பிள்ளை வளந்து அந்தக் கடதாசியை எடுத்து வாசிச்சால் தகப்பனைப் பற்றி என்ன நினைக்கும்?" காலையில் பிள்ளைகளுக்கு வாய்மை பற்றிப் பாடம் நடத்திவிட்டுப் பின்நேரம் கூண்டில் ஏறிப் பொய் சொல்லச் சொல்கிறது இந்தச் சட்டம். அவர் பொய் சொல்ல மாட்டேன் என்றதற்குத் தண்டனை, சட்டப்படி இன்னும் அவர் மனைவியாகவே இருப்பது.

மனைவியாக இருப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்கிற ஆண்களுக்கு ஒரு விஷயம். தேசவழமைக்கு உட்பட்ட பெண் தன்னுடைய சொந்தச் சீதனக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். இது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. உறுதியில் பெயர் அவருடையது, தந்தது அவருடைய தாய் தகப்பன். ஆனால் நொத்தாரிசிடம் போனால் கணவனின் கையெழுத்து எங்கே என்று கேட்பார். கணவன் விட்டுப்போயிருந்தால், அல்லது நியாயமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்திடம் அந்தச் சம்மதத்தைக் கேட்கலாம். அது இன்னொரு விண்ணப்பம், இன்னொரு செலவு. இன்றைக்கு அந்த மனிதர் நல்லவர், கையெழுத்துப் போட்டு அனுப்புவார். நாளை அவருக்கு வேறு வாழ்க்கை அமைந்து, மனம் மாறினால்? ஒரு பெண்ணின் காணி, முன்னாள் கணவனின் நல்ல குணத்தை நம்பி எத்தனை வருடம் கிடக்க வேண்டும்?

எங்கள் நாட்டுச் சட்டத்தில் காத்திருப்பே இல்லையா? இருக்கிறது. வழக்கு வென்றதும் முதலில் தற்காலிகமான தீர்ப்பாணை வரும். குறைந்தது மூன்று மாதம் கழிந்த பிறகுதான் அது முடிவான தீர்ப்பாணை ஆகும். ஆனால் அந்த மூன்று மாதம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டி, சாட்சி சொல்லி, உறவுக்காரர் எல்லாம் இரண்டு பக்கமாகப் பிரிந்த பிறகு. சேருவதற்கு இருந்த கடைசி வழியையும் வழக்கே அடைத்துவிட்டு, பிறகு மூன்று மாதம் யோசியுங்கள் என்கிறது. இந்தியச் சட்டம் யாரும் யாரையும் ஏசாத இடத்தில் அந்த ஆறு மாதத்தை வைத்திருக்கிறது. குடும்பத்தைக் காப்பாற்றுவதில் உண்மையான அக்கறை எந்தச் சட்டத்துக்கு?

"சம்மத விவாகரத்து எங்கள் பண்பாட்டில் இல்லை, கொண்டுவந்தால் நாடு கெட்டுவிடும்" என்கிறவர்களுக்கு ஒரு பதில். அது இந்த நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. 1952ஆம் ஆண்டு கண்டிய விவாக விவாகரத்துச் சட்டத்தில் பரஸ்பர சம்மதம் ஒரு காரணம். அந்தச் சட்டத்தில் திருமணம் செய்தவர்கள் நீதிமன்றத்துக்கே போகத் தேவையில்லை, மாவட்டப் பதிவாளரிடம் முடிக்கலாம். கண்டிக் குடும்பங்கள் எல்லாம் உடைந்து போய்விட்டனவா? கண்டியில் இருக்கும் உரிமை கரவெட்டியில் ஏன் இல்லை?

இனி எங்கள் சமூகத்துக்கு. இந்த இடம் வரை லைக் போட்டுக்கொண்டு வந்த எங்கள் முஸ்லிம் சகோதரர்கள் கொஞ்சம் நில்லுங்கள்.

"எங்களுக்கு முபாரஆத் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ், மார்க்கம் அப்போதே தந்துவிட்டது" என்று பெருமையாகச் சொல்வோம். உண்மை. கணவனும் மனைவியும் ஒத்துக்கொண்டு, யாரையும் குற்றம் சொல்லாமல் பிரிவது எங்கள் ஷரீஅத்தில் உள்ளது. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டமும் அதற்கு இடம் விடுகிறது. ஆனால் அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டம் எழுதியிருக்கிறதா? தலாக்குக்குத் தனி அட்டவணை இருக்கிறது. காதி நீதவானுக்கு அறிவித்தல், முப்பது நாள் சமரச முயற்சி, சாட்சிகள் முன்னால் மொழிதல், எல்லாம் படிப்படியாக எழுதியிருக்கிறது. பஸ்ஹுக்குத் தனி அட்டவணை இருக்கிறது. முபாரஆத்துக்கு? மனைவி கேட்கக்கூடிய மற்ற வகை விவாகரத்துகளுக்கு அந்த பஸ்ஹு அட்டவணையையே பொருந்துகிற அளவுக்குப் பின்பற்றுங்கள் என்று ஒரு பொது வசனம். "பொருந்துகிற அளவு" எவ்வளவு என்பதை எதிரே இருக்கும் காதி முடிவுசெய்வார். இரண்டு தடவை கேட்க வேண்டும் என்று இல்லை. மனைவியைத் தனியாக விசாரிக்க வேண்டும் என்று இல்லை.

அந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். காதி ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். சட்டத்தரணி அங்கே ஆஜராக முடியாது. அதாவது கணவன், கணவனின் சாச்சா, மனைவியின் வாப்பா, காதி எல்லோரும் ஆண்களாக இருக்கும் ஓர் அறையில், ஒரு பெண் ஒரே ஒரு தடவை தலையை அசைக்கிறாள். அது சம்மதமா? மஹரையும் பராமரிப்பையும் விட்டுக்கொடுத்துவிட்டுக் கையெழுத்து வைத்த எத்தனை தாய்மாரின் பிள்ளைகள் எங்கள் வகுப்பறையில் இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். கொப்பி வாங்கக் காசில்லாமல் வரும்போது தெரியும்.

காத்திருப்பு எங்களுக்கும் இருக்கிறது, ஆனால் அது இத்தா. பிரிந்த பிறகு பெண் மட்டும் இருப்பது. பிரிவதற்கு முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து யோசிக்கும் காலம் முபாரஆத்தில் எழுதப்படவில்லை. கணவன் பக்கம் ஒருவர், மனைவி பக்கம் ஒருவர் என்று நடுவர்களை வைக்கச் சொல்லி சூரா அந்நிஸாவின் 35ஆவது வசனம் எங்களுக்குக் கட்டளை இடுகிறது. அந்த நடுவர்கள் உட்கார்ந்து பேச நேரம் வேண்டாமா? முதல் மனுவுக்கும் இரண்டாவது மனுவுக்கும் நடுவில் ஆறு மாதத்தை வைத்த இந்தியச் சட்டம், எங்களுக்குச் சொல்லப்பட்டதை எங்களைவிட நன்றாகச் செய்கிறது என்று சொன்னால் கோபம் வரும். வரட்டும்.

ஆகவே எங்கள் நிலைமை இது. தமிழ்ச் சகோதரிக்குச் சம்மதத்தால் பிரியும் வாசலே இல்லை. எங்களுக்கு வாசல் இருக்கிறது, ஆனால் நின்று யோசிக்கத் திண்ணை இல்லை. இரண்டு பக்கமும் சேர்ந்து கேட்க வேண்டியது ஒன்றுதான்.

1907 சட்டத்தில் நான்காவது காரணமாகப் பரஸ்பர சம்மதத்தைச் சேருங்கள். மனு இரண்டு பேர் பெயரிலும் இருக்கட்டும். இரண்டு தடவை கேளுங்கள். இரண்டாவது தடவை ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள். நடுவில் ஆறு மாதம் வையுங்கள். பின்வாங்கும் உரிமை கடைசிவரை இருக்கட்டும். பிள்ளை, பராமரிப்பு, சீதனக் காணி மூன்றும் எழுத்தில் இல்லாமல் மனுவை ஏற்காதீர்கள். ஏற்கெனவே பதினெட்டு மாதம் பிரிந்து இருந்து, எல்லாம் தீர்த்துக்கொண்டு வருகிறவர்களுக்கு அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யும் அதிகாரத்தை மாவட்ட நீதிபதிக்கே கொடுங்கள், கொழும்புக்கு அலையவிடாதீர்கள். வெளிநாட்டில் இருக்கிறவர் வீடியோவில் வரட்டும். முஸ்லிம் சட்டத்தில் முபாரஆத்துக்கும் இதே மாதிரி ஒரு தனி அட்டவணை எழுதுங்கள்; மனைவியைத் தனியாக விசாரிப்பதும் அவர் விரும்பும் ஒருவர் பக்கத்தில் இருப்பதும் அதில் இருக்கட்டும்.

தள்ளுபடியை மட்டும் கேட்டு, காத்திருப்பை வேண்டாம் என்று சொல்கிறவர்களோடும் எங்களுக்கு உடன்பாடு இல்லை. ஆறு மாதத்தை முழுதாக எடுத்துவிட்டால், மிரட்டிக் கையெழுத்து வாங்குகிறவனுக்குத்தான் முதல் இலாபம். காத்திருந்தவர்களுக்குத்தான் தள்ளுபடி, அவசரக்காரருக்கு இல்லை. அந்தக் கணக்கை மாற்றாமல் அப்படியே கொண்டுவர வேண்டும்.

ரீச்சர் இன்னும் வழக்குப் போடவில்லை. பொய் சொல்லாமல் பிரிய ஒரு சட்டம் வரட்டும், அதுவரை இருக்கிறேன் என்கிறார். அவர் நேற்றும் பள்ளிக்கூடம் வந்து படிவத்தில் "மணமானவர்" என்ற கட்டத்தில் அடையாளம் போட்டார். அந்த அடையாளமும் உண்மை இல்லை என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த தடவை அந்த ஆறு மாதக் குறிப்பு உங்கள் குழுவுக்கு வந்தால், அதை அப்படியே அனுப்பாமல் கீழே ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள்: "இது இந்தியாவில். எங்களுக்கு இல்லை. ஏன் இல்லை என்று உங்கள் பாராளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள்."

பகிர விரும்புகிறவர்கள் தாராளமாகப் பகிரலாம். பிழை இருந்தால் சட்டம் தெரிந்தவர்கள் திருத்துங்கள், நன்றியோடு மாற்றுவோம். ரீச்சர் யார் என்று இன்பொக்ஸில் கேட்க வேண்டாம்.